குறையாத விலையும் பாதி மாடியும்

மே மாதத்தில் மாட்டுங்காவின் மொட்டை மாடி எதிலும் ஓரிடத்தில் நிற்க முடியாது. செருப்பின் அடியைத் தாண்டிச் சூடு மேலே வரும். நான் எப்படியும் ஓரிடத்தில் நிற்கிறவள் இல்லை. பேங்க் வரிசையில் நின்றாலும் குதிகால் தானாகத் தாளம் போடும். அன்றைக்கு அளவு நாடாவின் ஒரு முனையை அண்ணன் காலால் மிதித்துக்கொண்டு நிற்க, மறு முனையோடு நான் கிழக்கிலிருந்து மேற்கே நடந்தேன். நாடா வெயிலில் பளபளத்து நெளிந்தது. தூரத்தில் ஒரு மேகம், கைக்குட்டை அளவு, எதற்கோ வந்து எதையோ மறந்த மாதிரி நின்றது. அதைப் பார்த்ததும் நடையை எட்டிப் போட்டேன்.

நாங்கள் மாடிகளுக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்கிறவர்கள். மழைத் தண்ணீர் மேலேயே நின்று குழாய் வழியாக இறங்க வேண்டும், கீழே குடியிருப்பவர் படுக்கையில் இறங்கக் கூடாது, அவ்வளவுதான் தொழில். அண்ணன் ஆட்களையும் கலவையையும் பார்ப்பான். அளவெடுப்பது, கொட்டேஷன் எழுதுவது, குடியிருப்புச் சொசைட்டிக் கமிட்டிகளோடு பேசுவது எல்லாம் என் பாடு. சாமான்கள் தாராவியில் ஒரு கோடவுனில் கிடக்கின்றன. நான் குடியிருப்பது செம்பூரில். இரண்டுக்கும் நடுவே ரயிலில் தொங்கியே என் வயது ஐம்பதை நெருங்கிவிட்டது.

அந்தக் கட்டடம் நான்கு மாடி. தமிழ் பேசுகிற நம்மவர்கள் நிறைய, பாதிக்கு மேல் பாலக்காட்டுக் குடும்பங்கள், ஆபீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். மேல்மாடியில் நான்கு வீடுகள், கிழக்கே இரண்டு, மேற்கே இரண்டு. நான்கிலும் கூரை கசிந்தது. கிழக்கே மோசம்; சீலிங்கில் சுண்ணாம்பு அப்பளம் மாதிரிப் பொருமியிருந்தது. மேற்கே அவ்வளவு இல்லை, ஆனாலும் பக்கெட் வைக்கிற அளவுக்கு இருந்தது.

மாடிக்கு நடுவில் ஒரு முதுகு ஓடியது. கட்டியவர் யாரோ யோசித்துக் கட்டியவர். நடுவைச் சற்று உயர்த்தி, பாதித் தண்ணீர் கிழக்குக் குழாய்களுக்கும் பாதி மேற்குக் குழாய்களுக்கும் போகிற மாதிரிச் சரிவு வைத்திருந்தார். அந்த முதுகின் மேல் சற்று நேரம் நின்றேன். எதற்கென்று அப்போது தெரியவில்லை.

கொட்டேஷனை நான் எப்போதும் வரி வரியாக எழுதுவேன். பெயர்ந்து நிற்கிற பழைய பூச்சைக் கொத்தி எடுப்பது. விரிசல்களைக் கீறித் திறந்து அடைப்பது. தளமும் கைப்பிடிச் சுவரும் சேர்கிற மூலையில் வளைவாகச் சிமெண்ட் பூசுவது. எங்கள் ஆட்கள் அதை வாட்டா என்பார்கள், பெரும்பாலான மாடிகள் கசிவது அங்கேதான். அப்புறம் கெமிக்கல் கலந்த சிமெண்ட் ஒரு கோட்டிங், அது ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலை, அதன் மேல் இன்னொரு கோட்டிங். காய்ந்ததும் குழாய் வாய்களை அடைத்து நாலு விரல் உயரம் தண்ணீர் கட்டி மூன்று நாள் நிறுத்திப் பார்ப்பது. கீழே ஒரு சொட்டு வராவிட்டால் மேலே காப்புத் தளம். கடைசியில் மல்பா, அதாவது கொத்திய குப்பை, கீழே இறக்கி வண்டியில் ஏற்றுவது. இத்தனைக்கும் நான்கு லட்சத்து இருபதாயிரம். ஐந்து வருஷம் கேரண்டி.

இரண்டு நாள் கழித்து செக்ரட்டரி போன் செய்தார். நான் தாராவியில் கோடவுன் வாசலில் கெமிக்கல் கேன்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நமஸ்காரம். உங்க கொட்டேஷன் படிச்சேன். ரொம்ப நன்னா, விவரமா எழுதியிருக்கேள். ஆனா பாருங்கோ, இன்னொருத்தர் மூணு நாப்பதுக்குத் தரேங்கறார். ஒரே பேஜ். 'முழு மாடி, பக்கா வேலை'ன்னு போட்டிருக்கார். நீங்கோ இருபது பர்சென்ட் குறைச்சேள்னா உங்களுக்கே கொடுத்துடலாம்னு கமிட்டியில அபிப்பிராயம். ஞாயித்துக்கிழமை மீட்டிங்."

"குறைக்கணும்னா எதைக் குறைக்கணும் சார்?"

"விலையைத்தான்."

"வேலையில எதைன்னு கேட்டேன்."

அவர் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. "வேலை அப்படியே இருக்கட்டும். விலை மட்டும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தான்.

"குடுத்துத் தொலையேட்டி."

"எப்பிடிண்ணே குடுக்க?"

"எப்பிடியோ. நம்ம பயலுவ ஆறு பேரும் ஒரு வாரமா சும்மா இருக்கானுவ. அம்பர்நாத்துல ஒரு ஃபேக்டரிக் கூரை வேல வந்துருக்கு, அந்தக் கான்ட்ராக்டரு தெனமும் போன் அடிக்கான். திங்கக்கெழமை நம்மகிட்ட வேல இல்லன்னா கெளம்பிருவானுவ. போனா மழ முடியாம வரமாட்டானுவ. பொறவு நீயும் நானும் போயிக் கோட்டிங் அடிப்பமா?"

அதுதான் விஷயம். ஆறு பேர். பத்து வருஷமாக எங்களோடு இருக்கிறவர்கள். வலையை மடிப்பில்லாமல் விரிக்கிற கை, வாட்டாவைக் கட்டை விரலால் இழைக்கிற கை. திங்கட்கிழமை அவர்களுக்கு வேலை இருந்தால் நாங்கள் ஒரு தொழில். இல்லாவிட்டால் ஒரு கோடவுனும் கொஞ்சம் கேன்களும்.

"டோம்பிவிலிய மறந்துட்டியா?" என்றேன்.

அண்ணன் பீடியைத் தேடுகிற மாதிரிச் சட்டைப் பையைத் தடவினான். பீடியை விட்டு நாலு வருஷமாகிறது.

டோம்பிவிலியில் ஒரு கட்டடம். அங்கேயும் இருபது பர்சென்ட் கேட்டார்கள். நான் சிரித்த முகத்தோடு சரி என்றேன். கை குலுக்கினேன், டீ குடித்தேன். வண்டியில் திரும்பி வரும்போது அண்ணனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கணக்குப் போட்டோம். வலையை மூலைகளுக்கு மட்டும் போடலாம். தண்ணீரை மூன்று நாளுக்குப் பதில் ஒரு ராத்திரி நிறுத்தினால் போதும். யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. முதல் பெரிய மழையில் மேல்வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். எழுந்து நடக்க முடியாத ஒரு மனிதர் கட்டிலில் கிடந்தார். கட்டிலை நகர்த்தி நகர்த்தி, அது சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தது. அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. "நீங்கதானே குறைச்சுக் கொடுத்தீங்க, நல்லவங்கன்னு நெனச்சோம்" என்றாள்.

மழை விட்டதும் அந்த மாடியை முழுக்கக் கொத்தித் திரும்பச் செய்தோம். அந்த வருஷம் தீபாவளிக்கு யாருக்கும் துணி எடுக்கவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்தக் கட்டில்தான் இன்னும் என்னுள் நகர்ந்துகொண்டிருக்கிறது, ஒரு மூலையில் நிற்காமல்.

அன்றைக்குச் சயனில் ஏறிக் குர்லாவில் இறங்கி, செம்பூர் வண்டிக்காகப் பாலம் ஏறும்போது பாதியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவள் "சலோ ஆண்ட்டி, சலோ" என்று முதுகில் இடித்தாள். ஓரமாக ஒதுங்கினேன். கீழே ரயில்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஒன்று போகும்போது மற்றொன்றும் நகர்வதுபோல் தோன்றி ஏமாற்றிக்கொண்டிருந்தன. அந்தச் சொசைட்டியிடம் இருக்கிற பணம் அவ்வளவுதான் என்றால் அதில் குற்றமில்லை. அந்தப் பணத்துக்கு முழு மாடி இல்லை, அதிலும் குற்றமில்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு ஏதோ ஒன்று உண்டு. ஒளிக்காமல் எழுதிக் கொடுக்கக்கூடிய ஏதோ ஒன்று.

ஹார்ட்வேர் கடை பில்லின் பின்புறத்தில், பாலத்தின் கம்பியில் வைத்து எழுதினேன். பேனா அதிர்ந்தது. முதலாவது: முழு மாடி, அதே வேலை, அதே நான்கு இருபது, ஒரு ரூபாய் குறையாது. இரண்டாவது: பாதி மாடி. அந்த முதுகு இருக்கிறதே! கிழக்குப் பாதியின் தண்ணீர் கிழக்கே மட்டும்தான் போகிறது. அதை மட்டும் முழுமையாகச் செய்யலாம். ஒரு கோட்டிங்கும் குறையாது, சோதனையும் குறையாது. கோட்டிங்கை முதுகைத் தாண்டி ஓரடி மேற்கே ஏற்றி முடித்தால் நாளைக்கு மறுபாதியை அதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம். கேரண்டி அந்தப் பாதிக்கு மட்டும். விலை சரி பாதியாக வராது. மெஷின் ஏற்றி இறக்குகிற செலவு பாதி மாடிக்கும் அதேதான். இரண்டு லட்சத்து இருபத்தைந்தாயிரம். மூன்றாவது: விரிசல், வாட்டா, குழாய் வாய் மட்டும் அடைப்பது. இந்த ஒரு மழையைத் தாண்ட. கேரண்டி கிடையாது என்று முதல் வரியிலேயே எழுதுவது. முழு மாடிக்கும் தொண்ணூறாயிரம். இன்னொன்று: மல்பாவைச் சொசைட்டியே இறக்கிக்கொண்டு, சோதனைக்குத் தண்ணீரும் அவர்களே கொடுத்தால், எதை எடுத்தாலும் அதில் பதினைந்தாயிரம் குறையும். ஏனென்றால் அந்த வேலையை நாங்கள் செய்யப் போவதில்லை.

எழுதி முடித்தபோது என் வண்டி போய்விட்டிருந்தது. அடுத்ததும் போய்விட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, தரைத்தளத்தில் சொசைட்டி ஆபீஸ். ஆபீஸ் என்றால் மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு அறை, ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பீரோ. மேஜைக்குப் பின்னால் செக்ரட்டரி, மினிட்ஸ் நோட்டோடு. அவர் பக்கத்தில் டிரஷரர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மாட்டுங்கா மார்க்கெட்டில் மளிகைக் கடை, எல்லாருக்கும் அண்ணாச்சி. மேல்மாடி கிழக்கு வீட்டில் ஒன்று அவருடையது. சுவரோரம் மேல்மாடி மேற்கு வீட்டு மாமி, தனியாக இருப்பவள், டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கமிட்டியில் இல்லை; கேட்க வந்திருந்தாள். என் அண்ணன் வாசலில் நின்றான். உள்ளே வந்தால் வாய் நிற்காது என்று அவனுக்கே தெரியும்.

தாளைக் கொடுத்தேன். மூன்று வழியையும் சொன்னேன்.

அண்ணாச்சி தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்புறம் ஏதாவது இருக்குமா என்று. "தங்கச்சி, இருவது பர்சென்ட் கேட்டா நீங்க மூணு கணக்கு கொண்டாந்துருக்கீயளே. என் கடையில ஒருத்தன் மூட்டையா எடுத்தாம்னா நான் கொறைக்கதில்லையா?"

"கொறைப்பீங்க அண்ணாச்சி. ஆனா மூட்டையில அரிசிய எடுத்துட்டுக் கொறைக்க மாட்டீங்கல்லா?"

"அது எப்பிடி எடுப்பேன்?"

"நான் எடுக்கணும். எடுக்காம கொறைக்க என்கிட்ட எடம் இல்ல. எடுத்தா எதை எடுத்தேன்னு இந்தத் தாள்ல இருக்கு. நீங்களே பாத்துச் சொல்லுங்க, எது வேண்டாம்னு."

"நம்மூர்க்காரின்னு பாத்தேன்" என்று அவர் செக்ரட்டரியைப் பார்த்துச் சிரித்தார். "நம்மூர்க்காரின்னுதான் இவ்வளவு முரண்டு."

வாசலில் அண்ணன் இருமினான். அது எனக்கு. திங்கட்கிழமை, திங்கட்கிழமை என்று இருமினான்.

"அந்த மூணு நாப்பதுக்காரர்?" என்றார் செக்ரட்டரி.

"அவரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். வலை போடுவாரா, தண்ணி எத்தனை நாள் நிறுத்துவார், கேரண்டி எழுதித் தருவாரா, இந்த மூணு மட்டும் கேளுங்க. 'ஆமா'ன்னு எழுதிக் கொடுத்தார்னா அவருக்கே கொடுங்க. நான் போட்டி போடலை."

சொல்லிவிட்டேனே ஒழிய, ஒருவேளை அவர் எழுதிக் கொடுத்துவிட்டால்?

செக்ரட்டரி பேனாவை மூடினார், திறந்தார். "ரெண்டு நிமிஷம் வெளில வரேளா?"

தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதேங்கோ. எனக்கு உங்க வேலைதான் பிடிச்சிருக்கு. ஆனா மினிட்ஸ்ல 'பேசிக் குறைத்தோம்'னு ஒரு வரி இல்லேன்னா, ஜெனரல் பாடியில என்னைக் கிழிச்சுடுவா. கீழ்வீட்டுக்காராளுக்குக் கசியறதே கிடையாது, அவாளும் பணம் போடணுமோன்னோ. அதனால நீங்கோ புதுசா ஒரு லெட்டர் கொடுங்கோ. அஞ்சு லட்சம்னு போடுங்கோ. நாங்க எம்பதாயிரம் குறைச்சோம்னு எழுதிக்கறேன். உங்களுக்கும் அதே நாலு இருபது. யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கும் நஷ்டமில்லை. அதுதான் என்னை ஆட்டியது. இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். குறைக்கப் போகிறதை முதலிலேயே ஏற்றி வைப்பார்கள், கமிட்டி குறைக்கும், எல்லாரும் ஜெயிப்பார்கள். நான்கு இருபதும் வரும், ஆறு பேரும் நிற்பார்கள். ஒரு தாள் மட்டும்தான் பொய். என் கால் அந்தக் குறுகிய இடத்திலேயே முன்னும் பின்னும் போயிற்று. ஒரு தபால் பெட்டியின் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தேன் என்பதை அவர் பார்வையிலிருந்துதான் உணர்ந்தேன்.

"சார், போன வாரம் நான் எழுதினது நெஜ விலை. இன்னைக்கு ஏத்தி எழுதினா அது நெஜம் இல்லைன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அப்புறம் மூணு நாள் தண்ணி நிறுத்தினேன்னு நான் சொன்னா நீங்க எதை வெச்சு நம்புவீங்க?"

அவர் கேட்டுப் பக்கம் பார்த்தார்.

"மினிட்ஸ்ல எழுத நெஜமாவே ஒரு வரி இருக்கு சார். 'பேசியபின் வேலையின் அளவு மாற்றப்பட்டு, தொகை குறைந்தது.' பாதி மாடியா எடுத்தாலும் சரி, மல்பாவை நீங்க எடுத்துக்கிட்டாலும் சரி, அந்த வரி பொய் இல்லை. யாரு கேட்டாலும் தாளைக் காட்டலாம்."

"நீங்கோ லெட்டர் எழுதற மாதிரியே பேசறேள்" என்றார். கோபமா மெச்சலா என்று தெரியவில்லை. உள்ளே போனார்.

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. கேட்டுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே நடந்தேன். அண்ணன் சுவரில் சாய்ந்து என்னையே பார்த்தான். "அந்த ஆளு என்ன கேட்டாரு?" என்றான். சொன்னேன். "அதுக்குமா மாட்டேன்ன? ஏட்டி, நீ நம்மள வாழ விடமாட்ட" என்றான். அப்புறம் அவனே, "நம்ம மவராசி" என்று கையெடுத்துக் கும்பிட்டான். கேட்டில் இருந்த வாட்ச்மேன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது.

அரை மணி கழித்துக் கூப்பிட்டார்கள். பாதி மாடி. கிழக்குப் பக்கம். மல்பாவும் தண்ணீரும் சொசைட்டி பார்த்துக்கொள்ளும். இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். மேற்குப் பக்கத்துக்கு இந்த மழைக்காவது விரிசல் அடைக்கலாமே, அதற்கு மட்டும் தனி விலை தருகிறேன் என்றேன். இந்த வருஷம் ஃபண்ட் இவ்வளவுதான் என்றார்கள்.

கிழக்கே கசிவு அதிகம் என்பது உண்மை. நான்தான் அதைத் தாளில் எழுதியிருந்தேன். கிழக்கு வீட்டில் ஒன்று அண்ணாச்சியுடையது என்பதும் உண்மை. இரண்டில் எது எவ்வளவு எடை என்று எனக்குத் தெரியாது. மாமி எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் படியேறிப் போனாள். பாதி என்று எழுதும்போது பாலத்தின் மேல் என் கண்ணில் முதுகும் சரிவும் தெரிந்தன. அந்த இன்னொரு பாதிக்குக் கீழே யார் தூங்குகிறார்கள் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை வேலை ஆரம்பித்தது. பாதி மாடிக்கு ஆறு பேருக்கு வேலை இல்லை. நான்கு பேர் நின்றார்கள், இரண்டு பேர் அம்பர்நாத்துக்குப் போனார்கள். போகிறவர்களில் மூத்தவன் மட்டும், "அக்கா, நவராத்திரிக்கு வந்துருவோம்" என்றான். அண்ணன் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, கொத்துகிற மெஷினோடு பேசினான்.

கொத்தினோம், அடைத்தோம், இழைத்தோம். மேகங்கள் நாளுக்கு நாள் கனத்துத் தாழ்ந்து வந்தன. காற்றில் ஈரச் சாக்கின் வாடை. இரண்டாவது கோட்டிங் முடிந்த மாலை அண்ணாச்சி மேலே வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சாம்பல் நிறத் தளத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். திருப்தி. பிறகு கேன்களைப் பார்த்தார்.

"தங்கச்சி, ரெண்டு கேனு மிச்சம் இருக்குபோல. அந்தப் பக்கமும் ஒரு கோட்டிங் சும்மா இழுத்து விடுங்களேன். ஆளும் நிக்கான், மருந்தும் நிக்கு. ஃபுக்கட்ல, காசில்லாம, மாமிக்கு ஒரு ஒதவி."

அண்ணன் பிரஷை எடுத்துவிட்டான். அவனுக்கு மாமி தினமும் மோர் கொடுத்திருந்தாள். "அடிச்சிருவோமேட்டி. யாருக்கு நஷ்டம்?" என்றான்.

எல்லாருக்கும் அதே கேள்வி.

படிக்கட்டு வாசலில் மாமி நின்றிருந்தாள். மோர்ச் செம்பு கையில். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

"அடிக்க வேண்டாம்ணே" என்றேன்.

"ஏன்?"

"கொத்தாத தளத்துல, விரிசல் அடைக்காம, வலை இல்லாம மேல பூசினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். ஆடி வந்தா உரிஞ்சு வரும். தண்ணி அதுக்கு அடியில போய் நிக்கும், வெளிய போக வழி இருக்காது. இப்ப கசியறதைவிட மோசமாக் கசியும். அப்ப அது நாம செஞ்ச வேலை."

அண்ணாச்சி கையை விரித்தார். "கணக்கா இருக்கீய."

"கணக்கு இல்ல அண்ணாச்சி. மாமிக்கு வேலை செஞ்ச மாதிரி ஒரு நெறம் வேண்டாம். வேலை வேணும்."

அண்ணன் பிரஷைத் தண்ணீரில் போட்டான். கொஞ்சம் வேகமாகவே போட்டான். மாமி செம்பைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அந்த மோரை நான் குடிக்கவில்லை. நான்கு பேரும் குடித்தார்கள்.

பூச்சு காய்ந்ததும் முதுகின் மேல் சின்னதாக ஒரு வரப்புக் கட்டி, கிழக்குக் குழாய்களை அடைத்து, தண்ணீர் விட்டோம். மூன்று நாள். காலையிலும் மாலையிலும் நான் போய் விளிம்பில் தண்ணீர் மட்டத்துக்குப் போட்டிருந்த அடையாளக் கோட்டைப் பார்த்தேன். வெயில் குடித்தது போக இறங்கவில்லை. வானம் அந்தத் தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தது, ஒரு காக்கை வந்து அதைக் கலைத்துவிட்டுப் போனது. மூன்றாம் நாள் மாலை கிழக்கு வீடுகளுக்குப் போய் நாற்காலி மேல் ஏறி சீலிங்கைக் கையால் தடவினேன். காய்ந்திருந்தது. அண்ணாச்சியின் வீட்டுக்காரி எனக்கு ஒரு பொட்டலம் முந்திரி கொடுத்தாள்.

வெளியே வந்தால் எதிர்க் கதவு திறந்திருந்தது. மாமி.

"உள்ள வாங்கோ."

போனேன். கூடத்தில் மூன்று பக்கெட்டுகள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, தயாராக. சீலிங்கில் மஞ்சள் கறைகள், கரையோரம் மட்டும் பழுப்பு. எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அவளும் சொல்லவில்லை.

"மாமி, அன்னைக்கு அண்ணன் பிரஷை எடுத்தப்ப..."

"அதை விடுங்கோ. நான் முப்பத்தஞ்சு வருஷம் எக்ஸ்சேஞ்ச்ல இருந்தேன். ஒட்டுப் போட்ட கேபிள் என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும்." பீரோவைத் திறந்து மூக்குக் கண்ணாடியை எடுத்தாள். "எனக்கு உங்க கொட்டேஷன் ஒண்ணு வேணும். கமிட்டியில கேட்டேன், ஆபீஸ் காப்பி, தர முடியாதுன்னுட்டா. செப்டம்பர்ல ஜெனரல் பாடி இருக்கு. நான் எழுந்து படிக்கப் போறேன். எது செஞ்சா எது வரும்னு வரி வரியா."

"விரிசலை மட்டுமாவது இப்ப அடைச்சுக்கறீங்களா? மேற்குப் பக்கத்துக்கு அம்பதாயிரம் ஆகும். நாலு பேர் இருக்காங்க, ரெண்டு நாள் வேலை."

"வேண்டாம். அதைச் செஞ்சுட்டா, அதான் செஞ்சாச்சேன்னு இன்னும் நாலு வருஷம் ஓட்டிடுவா. இந்த மழைக்குப் பக்கெட் இருக்கு. எனக்கு ரெண்டாவது வேணும். மத்தப் பாதி, முழுசா."

பையில் எப்போதும் ஒரு நகல் வைத்திருப்பேன். கொடுத்தேன். நின்றபடியே படித்தாள், உதடு அசைய. கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"விலை முப்பது நாளைக்கு மட்டும்னு போட்டிருக்கே. அதுக்கப்புறம்?"

அது எல்லாக் கொட்டேஷனிலும் இருக்கிற வரி. கெமிக்கல் விலை மழைக்குப் பின் எப்போதும் ஏறும், சிமெண்டும் ஏறும். ஏறினால் ஏற்றித்தான் எழுதுவேன், எல்லாரும் அப்படித்தான். நான் வெளியே வராந்தாவுக்குப் போனேன், திரும்பி வந்தேன். எதிர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. மேலே நாலு விரல் தண்ணீர், பாதி மாடியில், அசையாமல் நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் பிடித்துக்கொண்டு நின்றது இந்த விலையைத்தான். கீழே இறங்காதே என்று பிடித்தேன். இப்போது மேலே ஏறாதே என்றும் பிடிக்க வேண்டுமா? கெமிக்கல் வியாபாரியிடம் இன்றே பேசி, இந்த வீட்டுப் பாதிக்கு வேண்டியதை இப்போதைய விலைக்கு வாங்கி வைத்துவிட்டால்? ஒரு வருஷம் கெடாது. கோடவுனில் இடம் இருக்கிறது. சிமெண்ட் ஏறினால் எவ்வளவு ஏறிவிடும்? ஏறினாலும் எனக்குக் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சுவது குறையும், அவ்வளவுதான். வலையிலிருந்து எதுவும் எடுக்க வேண்டியதில்லை. ரயிலில் எண்ணுகிற வேகத்தில் எண்ணினேன். கட்டுப்படியானது.

தாளை வாங்கி, முப்பது நாள் என்பதை அடித்து, 'மேற்குப் பாதி: இதே வேலை, இதே விலை, டிசம்பர் முடிய' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுவரில் வைத்து எழுதியதால் எழுத்து மேடு பள்ளமாக வந்தது.

மாமி கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டு, படித்தாள். மடித்துப் பீரோவில் வைக்கப் போனவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். கண்ணில் ஒரு மினுக்கம்.

"இதுல ஏதாவது கொஞ்சம் குறைப்பேளா?"

"மாட்டேன் மாமி."

"அதானே" என்று சொல்லிப் பீரோவைப் பூட்டினாள்.